மொத்த பில்லுக்குக் கழிவு கொடுத்தபின் ஒரு பொருள் மட்டும் திரும்பி வந்தால்

கேள்வி: "தேக்கா பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறோம், ஆன்லைனிலும் விற்கிறோம். தீபாவளிக்கு '$150க்கு மேல் வாங்கினால் $20 கழிவு' போட்டோம். இப்போது பில்லில் ஒரு பொருளை மட்டும் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். முழு விலையைக் கொடுப்பதா, $20ஐப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதா, இல்லை இடையில் ஏதாவதா? எப்படிச் செய்தாலும் மாதக் கணக்கில் ஒரு காசு இரண்டு காசு இடிக்கிறது. சிஸ்டம் எழுதுகிற தம்பிக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள் அண்ணே."

இடையில் ஏதாவதுதான். ஆனால் அந்த 'ஏதாவது' எவ்வளவு என்பதைப் பொருள் திரும்பி வரும் நாளில் உட்கார்ந்து கணக்குப் போடக்கூடாது. பில் போடும்போதே $20ஐ ஒவ்வொரு பொருளின் விலைக்கு ஏற்றபடி பிரித்து, பில்லில் அந்தந்தப் பொருள் இருக்கும் வரிக்குப் பக்கத்தில் காசுக் கணக்கில் எழுதி வைத்துவிட வேண்டும். பொருள் திரும்பி வந்தால் எழுதி வைத்ததைப் பார்த்துக் கொடுக்க வேண்டியதுதான். உங்கள் சிஸ்டத்தில் இடிக்கிற ஒரு காசு, பெரும்பாலும் இந்த ஒன்றைச் செய்யாததால் வருவது. ஒரு பில்லை எடுத்து முழுசாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

புடவை ஒன்று $89.00, குர்தா ஒன்று $45.00, வளையல் செட் மூன்று, செட்டுக்கு $6.90 வீதம் $20.70. மொத்தம் $154.70. $20 கழிவு போக வாடிக்கையாளர் கட்டியது $134.70. இந்தக் கடைசி எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில், எத்தனை தடவையாகத் திருப்பித் தந்தாலும், எல்லாம் திரும்பி வந்து முடியும்போது நாம் கொடுத்த மொத்தம் சரியாக $134.70 ஆக இருக்க வேண்டும், ஒரு காசு கூடவும் கூடாது குறையவும் கூடாது.

புடவை திரும்பி வருகிறது என்று வையுங்கள். முழு விலை $89 கொடுத்தால், புடவைக்குக் கொடுத்த கழிவையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள், கடைக்கு நஷ்டம். $20ஐயும் அதிலேயே பிடித்து $69 கொடுத்தால், குர்தாவையும் வளையலையும் வைத்துக்கொண்டவர் அவற்றுக்கு முழு விலை கட்டியதாக ஆகிவிடும், அவருக்கு நஷ்டம். சில கடைகளில் $20ஐ மூன்று வரிக்கும் சமமாக, $6.67, $6.67, $6.66 என்று பிரித்து வைத்திருப்பார்கள். பார்க்க நியாயம் மாதிரி இருக்கும். ஆனால் $20.70 வளையலும் $89 புடவையும் ஒரே அளவு கழிவைத் தூக்குவது சரியில்லை. புடவை திரும்பினால் $82.33 கொடுப்பீர்கள், மீதி இரண்டும் அவருக்கு $52.37க்குக் கிடைத்துவிடும், விலைப்பட்டியலில் அவை $65.70. பில்லில் $2க்கு ஒரு பொட்டுப் பாக்கெட் இருந்தால் இன்னும் மோசம், அதன் விலையைவிட அதன் கழிவு கூடிப்போய், திருப்பித் தருபவர் கடைக்குப் பணம் கட்ட வேண்டிய கணக்கு வந்து நிற்கும். அதனால் விலைக்கு ஏற்ற பங்குதான் ஒரே வழி. எடைக்கு எடை மாதிரி விலைக்கு விலை.

சரி, விலைக்கு ஏற்றபடி பிரிப்போம். எல்லாவற்றையும் முதலில் காசாக மாற்றிக்கொள்ளுங்கள். 8900, 4500, 2070. மொத்தம் 15470, கழிவு 2000. புடவையின் பங்கு 2000 × 8900 ÷ 15470, அதாவது 1150.614 காசு. குர்தாவுக்கு 581.771. வளையலுக்கு 267.615. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி அரைக்கு மேலே இருப்பதை மேலே தள்ளினால் 1151, 582, 268. கூட்டிப் பாருங்கள், 2001. கொடுக்காத ஒரு காசைக் கழிவாகக் கொடுத்ததாக எழுதிவிட்டோம். இதுதான் உங்களுக்கு இடிக்கிற அந்த ஒரு காசு.

இந்தப் பில்லில் அது எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் பாருங்கள். கழிவு ஒரு காசு கூடினால், வரிகளின் நிகர விலைகள் எல்லாம் சேர்ந்து $134.69தான் வரும். எல்லாவற்றையும் திருப்பித் தந்தவருக்கு ஒரு காசு குறைவாகப் போகும், சிஸ்டத்தில் அந்த ஆர்டர் 'பாதி ரீஃபண்ட்' என்ற நிலையிலேயே காலம் முழுக்க நிற்கும். வேறு ஒரு பில்லில் பின்னங்கள் எல்லாம் அரைக்குக் கீழே இருந்தால், உதாரணமாக .4, .3, .3 என்று அமைந்தால், நேர்மாறாக நடக்கும். கழிவு ஒரு காசு குறைந்து, நிகர விலைகளின் கூட்டல் வாடிக்கையாளர் கட்டியதைவிட ஒரு காசு கூடிவிடும். அப்போது கடைசிப் பொருளின் ரீஃபண்டை அனுப்பும்போது பணம் வாங்கித்தரும் நிறுவனத்தின் சிஸ்டம் மறுத்துவிடும், வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பித்தர அது விடாது. ரீஃபண்ட் தோல்வி என்று வந்தவற்றில் எல்லாமே ஒரு ஆர்டரின் கடைசிப் பொருளாகவே இருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான் காரணம்.

கழிவைச் சதவீதமாக எழுதி வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2000ஐ 15470ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12.93 சதவீதம். அதை ஒவ்வொரு வரிக்கும் போட்டுப் பாருங்கள், 1150.77, 581.85, 267.65 என்று வரும், முழுதாக்கினால் மறுபடியும் அதே 2001. சதவீதத்தைச் சேமிப்பதில் பயனே இல்லை, காசைத்தான் சேமிக்க வேண்டும்.

சரியாகப் பிரிக்கும் வழி இது. முதலில் எல்லாப் பங்கையும் கீழே இறக்குங்கள், 1150, 581, 267. கூட்டினால் 1998. இன்னும் இரண்டு காசு மீதி இருக்கிறது. அந்த இரண்டையும் எந்த வரிகளில் இறக்கியபோது அதிகமாக வெட்டுப்பட்டதோ அவற்றுக்கு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். குர்தாவில் .771 வெட்டுப்பட்டது, அதற்கு ஒன்று. அடுத்தது புடவையும் வளையலும் ஏறக்குறைய சமம், ஆனால் வகுத்து வந்த மீதி வளையலுக்கு 9510, புடவைக்கு 9500. ஆக இரண்டாவது காசு வளையலுக்கு. முடிவு 1150, 582, 268. கூட்டினால் 2000, சுத்தம்.

தேர்தலில் கட்சிகளுக்கு வாக்கு விகிதப்படி இடம் பிரிக்கச் சில நாடுகளில் பயன்படுத்தும் அதே பெரிய மீதி முறைதான் இது. நிரலில் எழுதினால் பத்து வரிகூட வராது.

```python
def allocate(discount, lines):
    total = sum(lines)
    shares = [discount * p // total for p in lines]
    rem = [discount * p % total for p in lines]
    left = discount - sum(shares)
    order = sorted(range(len(lines)), key=lambda i: (-rem[i], i))
    for i in order[:left]:
        shares[i] += 1
    return shares

allocate(2000, [8900, 4500, 2070])   # [1150, 582, 268]
```

இதில் இரண்டு விஷயத்தைத் தம்பி கவனிக்க வேண்டும். ஒன்று, எங்கும் தசமப் புள்ளி கிடையாது, எல்லாம் முழு எண். புடவைக்கும் வளையலுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது தசமத்தில்தான் தெரிகிறது, இரண்டு தசமத்தோடு நிறுத்தியிருந்தால் இரண்டும் .61 என்றே தெரிந்திருக்கும். இரண்டாவது, மீதி சமமாக வந்தால் யாருக்குக் காசு என்பதை வரி எண்ணை வைத்து முடிவு செய்திருக்கிறேன். டேட்டாபேஸ் எந்த வரிசையில் தருகிறதோ அதை நம்பினால், இன்றைக்கு ஒரு விடையும் நாளைக்கு இன்னொரு விடையும் வரலாம். பிரித்ததை ஒருமுறை எழுதி வைத்துவிட்டு மறுபடி கணக்கிடாமல் இருந்தால் இந்தப் பிரச்சினை பாதி போய்விடும், ஆனாலும் வரிசை உறுதியாக இருப்பது நல்லது.

'கடைசி வரியில் மீதியைத் தள்ளிவிடு' என்று ஒரு சுருக்கு வழி உண்டு, பலர் அதைத்தான் செய்கிறார்கள். மூன்று நான்கு வரி உள்ள பில்லுக்கு அது போதும், கூட்டலும் சரியாக வரும். ஆனால் இருபது முப்பது வரி உள்ள மொத்த விற்பனைப் பில்லில் அந்த மீதி பத்துப் பதினைந்து காசு வரைக்கும் சேர்ந்துவிடலாம், கடைசி வரி ஐம்பது காசு ஊசியாக இருந்தால் அதன் கழிவு கோணலாகிவிடும். பெரிய மீதி முறையில் எந்த வரியும் தன் உண்மையான பங்கிலிருந்து ஒரு காசுகூட விலகாது. எழுதுவதற்கு ஐந்து நிமிடம் கூடுதல் ஆகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பங்கு போடும்போது எந்த விலையை எடுப்பது என்ற கேள்வி. அந்தப் பொருளுக்கென்று தனியாக ஏதாவது கழிவு இருந்தால் அதைக் கழித்தபின் உள்ள விலையை எடுங்கள். இந்தச் சலுகை பொருந்தாத பொருள்களையும், பரிசு அட்டையையும், டெலிவரி கட்டணத்தையும் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அவை பில்லில் இருக்கும், பங்கு மட்டும் சுழியம்.

இப்போது வரிகளின் நிகர விலை, புடவை $77.50, குர்தா $39.18, வளையல் மூன்று செட்டும் சேர்த்து $18.02. கூட்டினால் $134.70. புடவை மட்டும் திரும்பினால் $77.50 கொடுங்கள், மீதி இரண்டையும் அவர் $57.20க்கு வைத்துக்கொள்கிறார். யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை.

வளையலில்தான் அடுத்த முடிச்சு. மூன்று செட்டில் ஒன்று மட்டும் திரும்பி வருகிறது. $18.02ஐ மூன்றால் வகுத்தால் 600.67 காசு. ஒவ்வொரு தடவையும் $6.01 கொடுத்தால் மூன்றாவது தடவை முடிவில் $18.03, ஒரு காசு கூட. $6.00 என்று கொடுத்தால் இரண்டு காசு கடையிலேயே தங்கிவிடும். இங்கே ஒரு செட்டின் விலை என்று ஒரு எண்ணைச் சேமிக்காதீர்கள். வரியின் நிகரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இதுவரை எத்தனை செட் திரும்பியதோ அத்தனைக்குச் சேர வேண்டிய மொத்தத்திலிருந்து, ஏற்கெனவே அதற்குக் கொடுத்ததைக் கழியுங்கள்.

```python
def refund_units(net, qty, before, k):
    return net * (before + k) // qty - net * before // qty
```

முதல் செட்டுக்கு 600. இரண்டாவதற்கு, இரண்டு செட்டுக்கும் சேர்த்து 1201, அதில் 600 போக 601. மூன்றாவதற்கு 1802இல் 1201 போக 601. ஒரே நாளில் இரண்டு செட் வந்தாலும் 1201தான், தனித்தனியாக வந்தாலும் 600உம் 601உம் சேர்ந்து 1201தான். அந்த ஒரு காசு வித்தியாசத்தைப் பார்த்து கவுண்டரில் யாராவது கேட்டால், மூன்றும் சேர்ந்து எவ்வளவு கட்டினாரோ அதுதான் மூன்றும் சேர்ந்து திரும்பும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது, கடைக்காரர்கள் எல்லோரும் கேட்பது. $150 தாண்டியதால்தானே கழிவு கொடுத்தோம், வளையலைத் திருப்பித் தந்ததும் மீதி $134தானே, அப்போது கழிவையே திரும்பப் பிடிக்க வேண்டாமா? பிடிக்கலாம், அப்படி ஒரு கொள்கை வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. ஆனால் முடிவு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். வாடிக்கையாளர் கட்டியது $134.70. வைத்துக்கொண்டவற்றின் கழிவில்லாத விலை $134.00. ஆக $20.70க்கு வாங்கிய வளையலைத் திருப்பித் தந்தவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 70 காசு. ஒரே ஒரு செட்டை மட்டும் திருப்பித் தந்தாலோ இன்னும் மோசம். வைத்துக்கொண்டவற்றின் விலை $147.80, கட்டியதோ $134.70, அதாவது வளையலையும் கொடுத்துவிட்டு அவர் மேலும் $13.10 கட்ட வேண்டும். யார் கட்டுவார்கள்? சுழியம் என்று போட்டு அனுப்ப வேண்டியதுதான். கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கு அதை விளக்கிச் சொல்லும் சங்கடம் வேறு.

அப்படியும் திரும்பப் பிடிக்கத்தான் வேண்டும் என்றால் சூத்திரத்தையாவது சரியாக வையுங்கள். ஒவ்வொரு முறையும், கட்டியதிலிருந்து இப்போது கையில் வைத்திருப்பவற்றின் அன்றைய விதிப்படியான விலையையும், இதுவரை கொடுத்த ரீஃபண்டையும் கழித்து, சுழியத்துக்குக் கீழே போனால் சுழியம். ஒரு வளையல் செட்டுக்கு முதலில் சுழியம் கொடுத்தீர்கள், அப்புறம் புடவையும் வருகிறது. வைத்துக்கொண்டது குர்தாவும் இரண்டு செட்டும், $58.80. $134.70இல் அது போக $75.90 கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் வந்திருந்தாலும் அதே $75.90. ஒவ்வொரு திருப்பலையும் தனியாகப் பார்த்து 'வரம்புக்குக் கீழே வந்துவிட்டது, $20 கழி' என்று எழுதியிருக்கும் நிரல்கள், இரண்டாவது திருப்பலிலும் இன்னொரு $20ஐக் கழித்துவிடும். இது ஒரு காசுத் தவறு இல்லை, வாடிக்கையாளரின் பணத்தை எடுத்துக்கொள்வது. தம்பியிடம் முதலில் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், திரும்பப் பிடிக்காதீர்கள். விலைக்கு ஏற்ற பங்கு முறையிலேயே கடைக்குப் போதுமான பாதுகாப்பு இருக்கிறது. யாராவது $150ஐத் தொடுவதற்காகவே புடவையைச் சேர்த்து வாங்கி மறுநாள் திருப்பிவிட்டார் என்றே வையுங்கள். அவருக்கு லாபம், வைத்துக்கொண்ட குர்தாவுக்கும் வளையலுக்கும் கிடைத்த கழிவு மட்டும்தான், $8.50. புடவையின் பங்கான $11.50 புடவையோடு கடைக்கே திரும்பிவிட்டது. வேண்டுமென்றே செய்பவரால்கூட வைத்துக்கொண்ட பொருளில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் எடுக்க முடியும். அந்தச் சிலருக்காக, அளவு சரியில்லை என்று நேர்மையாகத் திருப்பித் தரும் எல்லோர் கையிலும் 70 காசைக் கொடுத்து அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. எந்த முறையை எடுத்தாலும் அதை ரசீதிலும் வலைப்பக்கத்திலும் விற்பதற்கு முன்பே தெளிவாக எழுதி வையுங்கள். மனம் மாறித் திருப்பித் தருவது சிங்கப்பூரில் பொதுவாகக் கடையின் கொள்கையைப் பொறுத்தது, அதனால் எழுதி வைத்ததுதான் பேசும்.

ஆனால் பொருளில் குறை இருந்தால் கதையே வேறு. லெமன் சட்டம் என்று சொல்கிறார்களே, 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது, அதன்படி பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது கடை. புடவையில் நெசவு பிரிந்திருக்கிறது என்று கொண்டுவருபவரிடம் 'நீங்கள் $150க்குக் கீழே வந்துவிட்டீர்கள்' என்று சொல்லி வளையலின் கழிவைப் பிடுங்குவது முறையே இல்லை. தவறு நம் பக்கம், அவர் வரம்புக்குக் கீழே வந்ததே நம்மால்தான். திரும்பப் பிடிக்கும் கொள்கை வைத்திருந்தாலும், திருப்பலுக்கான காரணத்தைப் பதிந்து, குறை என்றால் எழுதி வைத்த பங்குப்படியே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இனி ஜிஎஸ்டி. ஆண்டு விற்பனை $1 மில்லியனைத் தாண்டாமல், நீங்களாகவும் பதிந்துகொள்ளாமல் இருந்தால் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடலாம். பதிந்த கடை என்றால், விலைச்சீட்டில் இருப்பது ஜிஎஸ்டி சேர்ந்த விலை, வரி கட்ட வேண்டியது கழிவு போக வாங்கிய தொகைக்கு. 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம் என்பதால், வாங்கிய $134.70இல் 109இல் 9 பங்கு வரி, $11.12. இப்போது பில்லின் ஒவ்வொரு வரிக்கும் ஜிஎஸ்டியைத் தனித்தனியாகப் போடுங்கள். புடவையில் $6.40, குர்தாவில் $3.24, வளையலில் $1.49. கூட்டினால் $11.13. அதே ஒரு காசு வேறு வாசலில் வந்து நிற்கிறது! குர்தாவின் ஜிஎஸ்டி 323.505 காசு, அரையை ஒரு மயிரிழை தாண்டியதால் மேலே போய்விட்டது. பில்லின் மொத்தத்தில் ஜிஎஸ்டி கணக்கிடுவது உங்கள் வழக்கம் என்றால், மொத்த ஜிஎஸ்டியான 1112 காசையும் அதே `allocate` வழியில் பில்லின் வரிகளுக்குப் பிரித்து, 640, 323, 149 என்று எழுதி வையுங்கள். புடவை திரும்பும்போது கிரெடிட் நோட்டில் $77.50, அதில் ஜிஎஸ்டி $6.40 என்று போகும். மூன்றும் திரும்பினால் மூன்று கிரெடிட் நோட்டும் சேர்ந்து முதல் பில்லின் $11.12ஐ அப்படியே அழிக்கும், உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் கணக்குக் கொடுக்கும்போது ஒட்டும் மிச்சமும் இருக்காது.

வரித் தொகையை விற்ற அன்றே எழுதி வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் 8 சதவீதத்தில் விற்ற பொருள் 2024 ஜனவரியில் திரும்பி வந்தபோது, கிரெடிட் நோட்டு 8 சதவீதத்தில்தான் போக வேண்டியிருந்தது. திருப்பும் நாளில் இருக்கும் விகிதத்தை எடுத்துக் கணக்கிடும் நிரல், கட்டாத வரியைத் திரும்பக் கேட்டிருக்கும்.

ரொக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காசு நாணயம் சட்டப்படி செல்லும் என்றாலும் வெளியிடுவதை 2002இலேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் கவுண்டரில் ஐந்து காசுக்கு முழுதாக்குவது வழக்கம். குர்தாவின் $39.18ஐ ரொக்கமாகக் கொடுத்தால் $39.20 ஆகும். பேநவ், நெட்ஸ், கார்டு என்றால் $39.18தான். அந்த இரண்டு காசை வரியின் நிகர விலையில் கலக்காதீர்கள், 'முழுதாக்கல்' என்று தனி வரியாகப் போடுங்கள். கலந்தால் மேலே செய்த அத்தனையும் வீண்.

துணிக்கடை என்பதால் அளவு மாற்றுவதும் அடிக்கடி வரும். குர்தா சின்னதாகிவிட்டது, அதே விலையில் பெரிய அளவு வேண்டும் என்றால், பழைய வரியின் 582 காசு கழிவை அப்படியே புது வரிக்கு மாற்றிவிடுங்கள். திருப்பலாக ஒன்றும் புது விற்பனையாக ஒன்றும் போட்டால், $39.18 திருப்பிக் கொடுத்துவிட்டு $45 கேட்க வேண்டிவரும். அளவு மாற்ற வந்தவரிடம் $5.82 கேட்டால் நிச்சயம் சண்டைதான்.

எல்லாம் செய்தபின் சோதிக்க ஒரே ஒரு சோதனை போதும். இந்தப் பில்லில் திருப்பித் தரக்கூடியவை ஐந்து, புடவை, குர்தா, மூன்று செட். அவற்றை ஏதோ ஒரு வரிசையில் ஒவ்வொன்றாகத் திருப்பி, ரீஃபண்டுகளைக் கூட்டினால் 13470, ஜிஎஸ்டியைக் கூட்டினால் 1112 வருகிறதா என்று பார்க்க வேண்டும். தம்பி நிரலை வைத்து எல்லா வரிசைகளையும், நூற்றுக்கணக்கான வேறு விலைகளையும் கழிவுகளையும் ஓடவிட்டுப் பார்க்கட்டும். ஓரிடத்தில் ஒரு காசு தப்பினாலும் எங்கோ தசமம் ஒளிந்திருக்கிறது, அல்லது யாரோ திருப்பும் நேரத்தில் மறுபடி கணக்குப் போடுகிறார்கள்.

ஏற்கெனவே விற்றுவிட்ட தீபாவளி பில்களில் பங்கு எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். இதுவரை எதுவும் திரும்பாத பில்களுக்கு இந்த நிரலை ஒருமுறை ஓட்டி எழுதி வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு பொருள் ஏற்கெனவே பழைய முறையில் திரும்பிப்போன பில்களில் முதல் விலையைத் தொட வேண்டாம். வாடிக்கையாளர் கட்டியதிலிருந்து நீங்கள் கொடுத்துவிட்டதைக் கழித்து, மீதியை இன்னும் அவர் கையில் இருக்கும் பொருள்களின் விலைக்கு ஏற்றபடி அதே `allocate` வழியில் பிரித்து, அதையே அவற்றின் நிகர விலையாக எழுதுங்கள். ஆனால் அதற்கு முன் அந்தப் பில்லை ஒரு கண் பார்க்க வேண்டும். நம் உதாரணப் பில்லில் புடவைக்கு முழு $89 கொடுத்திருந்தால் மீதி $45.70தான் இருக்கும், அது உங்கள் தவறு, அந்த $11.50ஐக் குர்தாவிலும் வளையலிலும் வசூலிப்பதா, கடையே ஏற்பதா என்பதை நிரல் முடிவு செய்யக்கூடாது. $69 கொடுத்திருந்தால் $8.50 குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பில்களைத் தனியாக எடுத்து, அவர்கள் கேட்பதற்கு முன்பே பேநவ்வில் அனுப்பிவிடுங்கள்.